ஐந்து கோடு தள்ளி

"இந்த வயசுல எதுக்கும்மா ஸ்பீடு? நிதானமா நடந்தா போதாதா?"

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நான் கேட்ட கேள்வி இது. அக்கறையோடுதான் கேட்டேன். அம்மாவும் கோபப்படவில்லை. ஆனால் கேட்ட அந்த நிமிடமே அவர் கையிலிருந்த பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். யாரும் ஒரு கணக்கைப் பாதியில் விட்டால் பொறுக்கமாட்டார். அவரையே பாதியில் மூடி வைக்க வைத்துவிட்டேனே என்ற உறுத்தல் போகவே இல்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

ஆரம்பம் நடைப்பயிற்சி இல்லை. ஒரு சிக்னல். திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து பாங்குக்குப் போக ஒரு பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். பிப்ரவரியில் நானும் அம்மாவும் போனோம். பச்சை மனிதன் விழுந்ததும் இறங்கினோம். நான் என் போக்கில் நடந்து அந்தப் பக்கம் ஏறித் திரும்பினால் அம்மா இன்னும் ரோட்டில் இருக்கிறார். சிவப்பு விழுந்துவிட்டது. முதல் வரிசை பைக்குகள் உறும ஆரம்பித்துவிட்டன. ஒருவர் அம்மாவின் புடவைத் தலைப்பை உரசுகிற மாதிரி வளைத்துக்கொண்டு போனார். அம்மா நடுங்கவில்லை, ஆனால் நடைமேடையில் ஏறியதும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இனிமே ஆட்டோவில போயிடலாம்மா" என்றேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது உதடு அசைவதைக் கவனித்தேன். அடி எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து வராந்தாவில் பத்து அடி நடந்து, இஞ்ச் டேப்பால் அளந்தார். ஐந்தரை மீட்டர். ஓர் அடி 55 சென்டிமீட்டர். ரோட்டுக்கு 29 அடி. ஆக ரோட்டின் அகலம் 16 மீட்டர். பச்சை எரிவது 14 நொடி, அதை அந்தக் கம்பத்திலேயே பார்த்துவிட்டார்.

பாதசாரி சிக்னலுக்கு நேரம் வைக்கும்போது ஓர் ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம். 16 மீட்டரை அதால் வகுத்தால் 13 நொடி சொச்சம் வரும். 14 வைத்திருக்கிறார்கள். தப்பு என்று யாரையும் சொல்ல முடியாது. இளைஞர்களுக்கு நொடிக்கு 1.2 மீட்டர் சாதாரண நடை. அறுபதைத் தாண்டிய பெண்களில் நிறையப் பேருக்கு அது எட்டாத நடை. பாங்கு, மருந்துக்கடை, கோயில் என்று அவர்கள் தினமும் கடக்கிற ரோடு அந்த நடையைத்தான் கேட்கிறது.

மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு அம்மா பக்கத்துக் கல்லூரி மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார். எட்டு நிமிட நடையில் இருக்கிறது. மண் ஓடுபாதை, சுண்ணாம்புக் கோடு, ஒரு சுற்று 400 மீட்டர் என்று வாட்ச்மேன் சொன்னார். கொடிக்கம்பத்தில் ஆரம்பித்து இரண்டரைச் சுற்று போனால் எதிர்ப்பக்கத் தண்ணீர்த் தொட்டி. அது ஒரு கிலோமீட்டர். போனில் நேரம் எடுத்தார்: 18 நிமிடம் 20 நொடி.

## பதிவேடு

அம்மாவிடம் பழைய மார்க் பதிவேடு ஒன்று காலியாகக் கிடந்தது. நீளவாட்டில் மடித்துத் தைத்தது, பச்சை அட்டை. மாணவர் பெயர் எழுதுகிற கட்டத்தில் தேதி, மார்க் போடுகிற கட்டத்தில் நேரம். நேரத்தை நிமிடத்தில் எழுதமாட்டார், நொடியில்தான். 18:20 என்பது 1100. ஒருநாளுக்கும் மறுநாளுக்கும் கழித்துப் பார்க்க நொடிதான் வசதி என்பார். இன்னொரு வசதியும் இருக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 1000 நொடி. அதனால் அந்தக் கட்டத்தைப் பார்த்தவுடனே 1000க்கு மேலா கீழா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதையும் முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார். 16 மீட்டரை 14 நொடியில் கடக்க வேண்டுமென்றால் கிலோமீட்டருக்கு 875 நொடி. ஆனால் பச்சை விழுந்த அந்தக் கணமே கால் இறங்காது. விளக்கைப் பார்த்து, பக்கவாட்டில் வண்டி நின்றதா என்று பார்த்து இறங்க ஒன்றரை நொடி ஆகும். மிச்சம் பன்னிரண்டரை. அதற்குள் 16 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 781. அட்டையின் உள்பக்கத்தில் 780 என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். பதின்மூன்று நிமிடம். அந்த எண் எதற்கு என்று எனக்கு அப்போது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் நேரம் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் நடப்பார். முதல் கிலோமீட்டருக்கு நேரம் கிடையாது, மூட்டு சூடாகட்டும் என்று விட்டுவிடுவார். இரண்டாவதற்குத்தான் நேரம். மூன்றாவது சும்மா பேசிக்கொண்டு. ஒரு வாரத்தின் ஏழு எண்களையும் ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்பதைச் சிவப்பு மையில் சுழிப்பார். பாடப்புத்தகத்தில் இடைநிலை அளவு என்று வருமே, அதுதான். சராசரி எடுக்க மாட்டார். ஒருநாள் நாய் குறுக்கே வந்தாலோ, பழைய மாணவி யாராவது பார்த்து "டீச்சர்!" என்று நிறுத்திவிட்டாலோ அந்த ஒரு நாள் வாரத்தின் சராசரியையே இழுத்துவிடும். நடு எண் அதற்கு அசையாது.

ஏப்ரல் கடைசியில் சுழித்த எண் 1052. புடவையிலிருந்து சுடிதாருக்கும், செருப்பிலிருந்து பின்பக்கம் மூடிய ஷூவுக்கும் மாறியதில்தான் பெரும்பங்கு வந்தது என்று அம்மா நினைத்தார். புடவைக் கொசுவம் ஓர் அளவுக்கு மேல் காலை விரிக்க விடாது. செருப்பு நழுவாமல் இருக்க விரல்களால் பற்றிக்கொண்டே நடக்க வேண்டும், அப்போது பாதம் உருண்டு எழும்பாது.

மே நடுவில் ஒரே தாவலாக 948. நூறு நொடிக்கு மேல் குறைந்திருந்தது. அன்று ராத்திரி போனில் அம்மாவின் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று ரிசல்ட் வந்த வருடங்களில் பேசுகிற குரல். ஜூன் கடைசிவரை அப்படியே போனது. ஜூலையில் 1010.

மறுவாரமும் 1010க்குப் பக்கத்திலேயே நின்றது. அம்மா காரணம் தேடினார். ரத்த அழுத்த மாத்திரை மாறியிருந்தது, அதுவோ என்றார். சாப்பாடா, தூக்கமா என்றார். பிடிவாதமாக அடியை நீட்டி வைத்து நடந்ததில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி வலி வந்துவிட்டது. நான் சென்னையிலிருந்து போன அந்த ஞாயிறு அம்மா நடக்கும்போது காலைத் தப்புத் தப்பென்று வைத்ததைப் பார்த்தேன். முன்பாதத்தை மெல்ல இறக்குகிற தசை சோர்ந்துபோனால் பாதம் அப்படித்தான் அறையும். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

## ஒரு பக்கமாகச் சாயும் தப்பு

கேட்டுவிட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சமாதானத்துக்கு, வாங்கி வைத்திருந்த ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜி.பி.எஸ். உள்ளது, தூரத்தைத் தானே சொல்லும். "எண்ணவே வேண்டாம்மா, சும்மா நட, அது பாத்துக்கும்" என்றேன். இரண்டு நாள் ஓய்வு எடுத்துவிட்டு அம்மா அதைக் கட்டிக்கொண்டு போனார். இரண்டரைச் சுற்றுக்கு 1.09 கிலோமீட்டர் என்று காட்டியது.

"உன் வாட்ச் தப்பு" என்றார் போனில்.

"ஜி.பி.எஸ். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்மா, மரம் இருந்தா சிக்னல் சரியா எடுக்காது" என்றேன்.

மறுநாள் 1.10. அதற்கு மறுநாள் 1.09. அப்புறம் 1.08. நான்காவது நாள் அம்மா போன் செய்தார். விடிந்து இன்னும் ஏழு மணி ஆகவில்லை. மைதானத்திலிருந்தே பேசுகிறார், பின்னால் பையன்கள் விசில் அடிப்பது கேட்கிறது.

"முன்னப் பின்ன இருக்கும்னு சொன்னியே, ஒருநாளாவது பின்ன இருக்கணும்ல? 0.97னு ஒருநாளாவது காட்டணும்ல? நாலு நாளும் முன்னதான் இருக்கு. எல்லாத் தப்பும் ஒரே பக்கமா சாஞ்சா அது தப்பில்லடி. ஏதோ காரணம் இருக்கு. நான்தான் அதிகம் நடக்கறேன்."

"சுத்து நானூறு மீட்டர்தானேம்மா?"

"உள்கோட்டுல நானூறு. நான் எந்தக் கோட்டுல நடக்கறேன்?"

நான் அடுத்த தடவை போனபோது அம்மா சமையலறைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். வீட்டில் இன்னும் ஒரு டப்பா சாக்பீஸ் இருக்கிறது. ஓடுபாதை என்பது இரண்டு நேர்க்கோடும் இரண்டு அரைவட்டமும். நேர்க்கோடு எந்தத் தடத்திலும் ஒரே நீளம், அதை விட்டுவிடு. இரண்டு அரைவட்டத்தையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். ஒரு தடத்தின் அகலம் நாலடி, அதாவது 1.22 மீட்டர். ஒரு தடம் வெளியே தள்ளினால் வட்டத்தின் ஆரம் 1.22 கூடும். சுற்றளவு இரண்டு பை மடங்கு 1.22, அதாவது 7.66 மீட்டர் கூடும். "இதுல அழகு என்னன்னா, உள்வட்டத்தோட ஆரம் எவ்வளவுன்னு தெரியவே வேண்டாம். பெரிய மைதானமோ சின்ன மைதானமோ, ஒரு கோடு தள்ளினா ஏழரை மீட்டர் சொச்சம்." சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தரையையே பார்த்தார். "அளவியல் பாடத்துல ஓடுபாதைக் கணக்கு. வருஷா வருஷம் போர்டுல போட்ட படம். அது மேலயே அஞ்சு மாசம் நடந்திருக்கேன்."

காலையில் கல்லூரிப் பையன்கள் உள்தடங்களில் ஓடுவார்கள். நடப்பவர்கள் வெளியோரம் போவது அந்த மைதானத்தின் எழுதாத வழக்கம். அம்மா ஆறாவது தடத்தில் நடந்தார். ஐந்து கோடு தள்ளி. ஒரு சுற்றுக்கு 38 மீட்டர் அதிகம், இரண்டரைச் சுற்றுக்கு 96 மீட்டர். அவர் ஒரு கிலோமீட்டர் என்று எழுதியதெல்லாம் உண்மையில் 1096 மீட்டர். மே நடுவில் கல்லூரி லீவு விட்டார்கள், பையன்கள் இல்லை, தன்னையறியாமல் முதல் தடத்துக்கு வந்துவிட்டார். ஜூன் கடைசியில் கல்லூரி திறந்ததும் மறுபடி ஆறாவது தடம்.

பதிவேட்டில் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தம் போட்டிருந்தார். ஆறாவது தடத்து எண்களை 1.096ஆல் வகுத்தால் போதும். முதல் நாள் எழுதிய 1100 உண்மையில் 1004. ஏப்ரலின் 1052 உண்மையில் 960. மே மாதத்து 948, உள்தடத்தில் நடந்தது, அப்படியே 948. அப்போ அந்தப் பெரிய தாவல் வெறும் 12 நொடிதான். ஜூலையில் தளர்ந்துபோய்விட்டோம் என்று கலங்கிய அந்த 1010? அதை வகுத்தால் 922.

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மே மாதத்தைவிட ஜூலையில் 26 நொடி குறைவு. அம்மா சந்தோஷப்பட்ட மாதத்தில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை. அம்மா பயந்துபோய்க் காலை வலிக்க வலிக்க நீட்டிய மாதத்தில், நான் போய் "போதும்மா" என்று சொன்ன மாதத்தில், அதுவரை நடந்ததிலேயே வேகமாக நடந்திருக்கிறார். 1004 என்பது நொடிக்கு ஒரு மீட்டர். அதனால்தான் 16 மீட்டர் ரோட்டுக்கு 16 நொடி ஆகி, இரண்டு நொடி பைக்குகளுக்கு நடுவில் நின்றார். அட்டையில் இருந்த 780 என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னார்.

## அடிச்சுவடு

922லிருந்து 780 வரை வரவேண்டும். வேகம் என்பது அடியின் நீளமும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதும் பெருக்கி வருவது. வேறு வழி கிடையாது. அம்மா நீளத்தை மட்டும் பிடித்துக்கொண்டார், அதையும் முன்பக்கம் நீட்டினார். கால் வலிக்குப் போன இடத்தில் பிசியோதெரபி பார்த்த பெண் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரே விஷயம்தான் சொன்னாராம். குதிகாலை உடம்புக்கு ரொம்ப முன்னால் கொண்டுபோய் ஊன்றினால் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். ஊன்றிய காலைத் தாண்டி உடம்பு வரும்வரை வேகம் குறையும், முன்பக்கத் தசை முழு பாரத்தையும் வாங்கும். அடி பின்பக்கம் நீளவேண்டும். பின்னால் இருக்கிற கால், கட்டைவிரல் கடைசியாகத் தரையைத் தள்ளிவிட்டு எழவேண்டும். வயதானால் குறைவது கணுக்காலின் அந்தத் தள்ளுதான். கெண்டைக்கால் தசை வலுவிழக்க, அந்த வேலையை இடுப்பு எடுத்துக்கொள்ளும். நடை குறுகிப்போய்க் கால் இழுபடுவது அதனால்தான்.

வலி போகப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை நேரம் எடுக்கவில்லை. பதிவேட்டில் அந்தக் கட்டங்களில் வெறும் கோடு. அதற்குப் பதில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எழும்புவது, மூன்று எண்ணும் நேரத்துக்கு மெல்ல இறங்குவது. பால் பொங்குவதற்குள் எட்டு தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு மாதத்தில் இருபது ஆனது. மெல்ல இறங்குவதில்தான் பயன் இருக்கிறது, தொப்பென்று விழுந்தால் பாதிக்குப் பாதி வீண் என்பார்.

தான் சரியாகத் தள்ளுகிறோமா என்று அம்மா எப்படித் தெரிந்துகொண்டார் என்பதை ஆகஸ்டில் நேரில் பார்த்தேன். முதல் நாள் ராத்திரி தூறல். ஓடுபாதையின் செம்மண் மேலாக நனைந்து, மாவு சலித்துப் போட்ட மாதிரி மிருதுவாக இருந்தது. அம்மா ஒரு சுற்று நடந்துவிட்டு, தன் சுவடு இருக்கிற இடத்துக்குத் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். பழைய சுவட்டில் குதிகால் இடம் ஆழமாகக் குழிந்து, முன்பாதம் லேசாகப் பதிந்து, விரல் பக்கம் மண் கலையவே இல்லை என்றார். அன்று குதிகால் குழி மேலாகத்தான் இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம், அதிலிருந்து மண் பின்பக்கம் சிதறி, விசிறி விரித்த மாதிரி ஒரு கோடு. "இந்த விசிறிதான் தள்ளினதுக்கு அடையாளம்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். இடதுகால் சுவட்டில் விசிறி பாதிதான் இருந்தது. அடுத்த சுற்றில் இடதுகாலையே நினைத்துக்கொண்டு நடந்தார். பத்து சுவட்டை இஞ்ச் டேப்பால் அளந்தோம். ஐந்து மீட்டர் 90.

கையும் மாறியது. நீட்டிய கை நீளமான ஊசல், மெதுவாகத்தான் ஆடும். முழங்கையை மடக்கினால் ஊசல் குட்டையாகும், சீக்கிரம் ஆடும். கை சீக்கிரம் ஆடினால் காலும் கூடவே வரும். இதை எனக்கு விளக்கும்போது நடுவிலேயே நின்று, கடிகார ஊசல் போல இரண்டு விதமாகவும் கையை ஆட்டிக் காட்டினார்.

தினமும் வேகமாக நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நேர்ப்பாதையில் வேகம், வளைவில் நிதானம், மறுபடி நேர்ப்பாதையில் வேகம். ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் வயதானவர்களை மூன்று நிமிடம் விரைவாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் மாற்றி மாற்றி நடக்கவைத்து ஐந்து மாதம் பார்த்தார்கள். சீராக நடந்தவர்களைவிடத் தொடையின் வலுவும் மூச்சின் திறனும் இவர்களுக்குக் கூடின, ரத்த அழுத்தமும் நன்றாக இறங்கியது. அம்மாவுக்கு நான் படித்துக் காட்டியது அது. மைதானத்தில் நேர்ப்பாதையும் வளைவும் அதற்கு இயல்பாகவே அமைந்துவிட்டன.

எவ்வளவு வேகம் அதிகம் என்பதற்கு வாட்ச் காட்டிய இதயத்துடிப்பு உதவவில்லை. அம்மா சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கிற வகை. மூச்சு வாங்கும்போதும் எண் குறைவாகவே காட்டும், அதை நம்பினால் ஆபத்து. டாக்டரிடம் கேட்டபோது பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். அம்மா அதைப் பதினேழாம் வாய்ப்பாடாக மாற்றிக்கொண்டார். ஒரு மூச்சுக்கு இரண்டு வரி வந்தால் நிதானம். ஒரு வரி முழுசாக வந்தால் வேண்டிய வேகம். "பதினேழு ஆறு..." என்று பாதியில் மூச்சு வாங்கினால் அடுத்த வளைவு முழுக்க மெதுவாக.

செப்டம்பர் கடைசியில் உண்மையான கிலோமீட்டருக்கு 861. ஆறாவது தடத்திலேயே நடந்தார், ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு 96 மீட்டர் முன்னாலேயே ஒரு செங்கல்லை நட்டு, அதைத்தான் முடிவாக வைத்துக்கொண்டார். அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. மைதானம் சேறு, வழுக்கும். பதினெட்டு நாள் பதிவேட்டில் "மழை" என்று மட்டும் இருக்கிறது. வீட்டில் குதிகால் பயிற்சி நிற்கவில்லை. திரும்பிப் போன முதல் வாரம் 868. பயந்த அளவுக்குப் போகவில்லை. டிசம்பரில் 820க்குக் கீழே வந்தது. அதில் ஒரு பங்கு குளிருக்குச் சேரும் என்று அம்மாவே எழுதிவைத்திருக்கிறார். வெயில் காலத்தில் உடம்பு தன் சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், காலுக்குக் கிடைப்பது குறையும். மார்கழிக் காலையில் அந்தச் செலவு இல்லை. அதனால் டிசம்பரை மே மாதத்தோடு ஒப்பிடக்கூடாது, அடுத்த டிசம்பரோடுதான் ஒப்பிடவேண்டும் என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு.

## மனு

எனக்கு நடுவில் ஒரு கோபம் இருந்தது. அறுபத்து மூன்று வயதில் ஒருவர் ஒரு சிக்னலுக்காக ஏன் பயிற்சி எடுக்கவேண்டும்? சிக்னல் அல்லவா மாறவேண்டும்? இதை அம்மாவிடம் சொன்னேன். "மனு எழுது, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். "ஆனா அதுவரைக்கும் நான் பாங்குக்குப் போகணுமே." இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அப்படி இல்லை.

2025 பொங்கல் லீவுக்குப் போயிருந்தபோது இருவரும் அந்த ரோட்டைக் கடந்தோம். அம்மா நடைமேடை விளிம்பில், ஒரு கால் முன்னே, முழங்கை மடங்கி நின்றார். பச்சை விழுந்தது. இந்தத் தடவை நான் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். நடுத்திட்டைத் தாண்டும்போது சிக்னல் கம்பத்தில் எண் ஏழு. அந்தப் பக்க நடைமேடையில் அம்மாவின் வலதுகால் ஏறியபோது எண் ஒன்று. கம்பத்தைப் பிடிக்கவில்லை. திரும்பி ரோட்டைப் பார்த்தார். எங்களோடு இறங்கிய ஒரு பாட்டி, கையில் மஞ்சள் பை, இன்னும் நடுத்திட்டுக்கு இந்தப் பக்கமே வரவில்லை. அம்மா ரோட்டு ஓரம் இறங்கி, உள்ளங்கை தெரிய வலதுகையை உயர்த்தினார். பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் பையன்களை நிறுத்துவாரே, அதே கை. முன்வரிசை பைக்குகள் நின்றன. பாட்டி வந்து சேரும்வரை கை இறங்கவில்லை.

அன்று மாலையே மனுவை எழுதினோம். நான் கோபத்தோடு எழுதிய இரண்டு பத்தியை அம்மா அடித்துவிட்டார். அந்த இடத்தில் நான்கு வரி கணக்கு. சாலை அகலம் 16 மீட்டர். வயதானவர் நடை நொடிக்கு 0.8 மீட்டர். கடக்க 20 நொடி. இறங்கத் தயாராக 2 நொடி. ஆகவே பச்சை விளக்கு 22 நொடி வேண்டும். 0.8 எதற்கு, நீதான் 1.28 நடக்கிறாயே என்று கேட்டேன். "எனக்கா கேக்கறேன்?" என்றார்.

மனுவைக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. போன ஞாயிறு போனில் கேட்டபோது அந்த வாரத்தின் நடு எண்ணைச் சொன்னார்: 783. செங்கல்லை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், காலையில் டேப் எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்து நடவேண்டும் என்றார்.